பெட்டியிலிருந்து எடுத்த ஒரு வரி

கடையின் முன்பக்கத்தில், கண்ணாடி மேசைக்குப் பின்னால், ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. அதன் உறை இடது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே உள்ள மஞ்சள் பஞ்சு வெளியே தெரியும். காலை ஒன்பதரை மணிக்கு அதில் அமர்பவர் மாலை ஆறரைக்குத்தான் எழுந்திருப்பார். வயது நாற்பத்தாறு. கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொண்டு வருபவரிடம் அதன் கோளாறைக் கேட்டு, மூன்று படிகள் கொண்ட ரசீதில் எழுதி, ஒரு படியைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைக் கைப்பேசியோடு ரப்பர் வளையத்தில் கட்டி உள்ளே அனுப்புவது அவர் வேலை. மூன்றாவது படி இழுப்பறைக்குப் போகும். எதிர்ச்சாரியில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் முதல் தபால் கொண்டு வருபவர் வரை எல்லாருக்கும் அவர் ‘ரசீது அக்கா’.

அவருடைய கணவர் இதே கடையில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அக்கா அழவில்லை. திடமான பெண் என்று உறவினர்கள் முதலில் மெச்சிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அதையே குறையாகப் பேசினார்கள். அவரைக் கேட்டால், “ஒண்ணும் தோணலை” என்பார். பல் பிடுங்கும் முன் ஊசி போட்டதும் கன்னம் தன்னுடையது அல்லாதது போல ஆகிவிடுமே, அந்த நிலைதான். தொட்டால் தொடுவது தெரியும், வலிக்காது.

வீட்டில் நேரம் நகரவில்லை. அந்தக் கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நகர்ந்தது. மணிக்கு ஒருவராவது வந்து எதையாவது கேட்டார். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகையால் அந்த நாற்காலி போகப் போகிறது என்று கேள்விப்பட்டபோது அவருக்கு ஏற்பட்டதைக் கவலை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கணக்கு சரியாக வரவில்லை என்பது போல அதைப் பார்த்தார்.

செய்தியைச் சொன்னவர் கணவரின் தம்பி. இப்போது கடை அவர் பொறுப்பில் இருக்கிறது.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. கவர், கண்ணாடி, கேபிள்னு வாங்கி வச்சது அப்படியே தூங்குது. ரிப்பேர் மட்டும் வச்சுக்கிட்டு ஓட்ட முடியல. கண்ணாடிப்பெட்டிக்காரர் முன்பக்கத்த வாடகைக்குக் கேக்குறாரு. அவரே ஆள் போட்டு, அவரே சரக்கு வச்சு வித்துக்குவாரு.”

“நான்?”

“நீங்க ஏன் வெயில்ல வந்து போகணும்? வீட்டுல இருங்க. மாசாமாசம் நான் கொண்டு வந்து தர்றேன்.”

“எப்பலேர்ந்து?”

“மாசக் கடைசிக்குள்ள சரக்கு நகர ஆரம்பிச்சா வேணாம்னு சொல்லிடுவேன். இல்லேன்னா...”

கண்ணாடிப்பெட்டிக்காரர் என்பவர் இத்தகைய கடைகளுக்குத் துணைப்பொருள்களை மொத்தமாகக் கொடுப்பவர். போகும் இடமெல்லாம் வெளிச்சம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துவிட்டு வருவதால் அந்தப் பெயர். கடையில் தூங்கிக்கொண்டிருந்த சரக்கும் அவர் கொடுத்ததுதான்.

சரக்கை நகர்த்தக் கொழுந்தனார் ஏற்கெனவே முயன்றிருந்தார். கடையின் வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஐந்தாறு பதிவுகள் போட்டார். எல்லாவற்றிலும் தீப்பிழம்புப் படம் இருந்தது. “கடைசி வாய்ப்பு! உடனே வாங்குங்கள்! இன்று மட்டும்!” என்று எழுதினார், மறுநாளும் அதுவே இன்று மட்டும் என்று வந்தது. மூன்று வாரத்தில் நாற்பது பேருக்கு மேல் கடை எண்ணைத் தடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் பதில் அனுப்பியிருந்தார்: “என் மகளுக்குக் கல்யாணம் பேச்சு நடக்குது. மாப்பிள்ளை வீட்டுல இருந்து மெசேஜ் வரும்னு ஓடி வந்து பாத்தா உங்க கவர்.”

“இனிமே நான் எழுதவா, தம்பி?” என்று ரசீது அக்கா கேட்டார்.

கொழுந்தனார் சற்றுத் தயங்கினார். அண்ணி தாமாக எதையும் கேட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. கடையின் கைப்பேசியை அவரிடம் கொடுத்தார்.

பொருளை விற்பது பற்றி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ப்பக்கமாகக் கற்றது. கணவர் வாய்ச்சாமர்த்தியம் உள்ளவர். திரை மாற்றி முடித்ததும் கேட்காமலே மேலே ஒரு கண்ணாடியை ஒட்டிவிடுவார். “ஒட்டிட்டேன் சார், உங்க நல்லதுக்குத்தான்” என்பார். வந்தவர் மறுக்க மாட்டார். ஆனால் பணம் எடுக்கப் பைக்குள் போன கை ஒரு கணம் பாதியில் நிற்கும். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பன்னிரண்டு ஆண்டுகள் அக்கா பார்த்தது அந்தக் கையைத்தான். அப்படிக் கை நின்றவர்களில் பலர் அடுத்த முறை வேறு கடைக்குப் போனதை ரசீதுப் படிகள் காட்டின.

அவர் முதலில் மூன்று ஆண்டு ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் எண்ணுக்கும் கடைக் கைப்பேசியில் ஓர் அடையாளம் இட்டார்: திரை, மின்கலம், சார்ஜ், தண்ணீர். செய்தி அனுப்பலாமா என்று ஒவ்வொருவரையும் ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றவரை நீக்கினார். புதிதாக வருபவரிடம் ரசீது எழுதும்போதே கேட்டு, ஓரத்தில் ஒரு குறியிட்டார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எந்தப் பொருளையும் பற்றிப் பேசுவதில்லை. அன்று மனிதர் செலவு செய்த வலியில் இருப்பார். மூன்றாம் நாள், “சரியாக வேலை செய்கிறதா?” என்று ஒரே ஒரு கேள்வி. பத்தாம் நாள் ஒரு பதிவு. அதில் ஒரே ஒரு பொருள், அதுவும் அவருடைய கோளாறோடு தொடர்புள்ள பொருள் மட்டும். திரை மாற்றியவருக்கு இயர்போனைப் பற்றி எழுதவில்லை.

முதல் பதிவு திரை மாற்றியவர்களுக்குப் போனது:

“வணக்கம். சென்ற மாதம் எங்களிடம் வந்த நாற்பது உடைந்த திரைகளில் இருபத்தாறு, மூலையில் அடிபட்டவை. திரையைவிடச் சற்றே உயர்ந்த விளிம்புள்ள கவர், இந்த அடியைப் பெருமளவு தாங்கும். உங்களிடம் உள்ள கவரே போதுமா என்று பார்க்க, கைப்பேசியை மேசைமேல் குப்புற வையுங்கள். திரை மேசையைத் தொடவில்லை என்றால் புதிய கவர் தேவையில்லை. தொட்டால், உயர்ந்த விளிம்புள்ளது எங்களிடம் இருக்கிறது. கேட்டால் காட்டுவோம்.”

கீழே விலை. தீப்பிழம்பு இல்லை.

கல்லூரியில் படிக்கும் மகள் அன்று மாலை அதைப் படித்துவிட்டுத் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, இது விளம்பரமா, மரண அறிவிப்பா?”

“ஏன், தப்பா இருக்கா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. ‘கேட்டால் காட்டுவோம்.’ ஏதோ மார்ச்சுவரி வாசல்ல எழுதி வச்ச மாதிரி இருக்கு. ஒரு ஸ்மைலியாவது போடேன்.”

“எதுக்குச் சிரிக்கணும்? திரை உடைஞ்சவங்களுக்கு அனுப்புறோம்.”

மகள் கைப்பேசியைத் தாயின் பக்கம் தள்ளி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி வேன் ஓட்டுநர் வந்தார். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி வைத்திருப்பவர்.

“அக்கா, மெசேஜ் பாத்தேன். போனை மேசையில குப்புறப் போட்டுக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்காரி வந்து, ‘என்ன, போனுக்கு யோகாசனம் சொல்லித் தர்றீங்களா’ன்னு கேக்குறா.”

“தொட்டுதா?”

“யாரு?”

“திரை. மேசையத் தொட்டுதா?”

“தொட்டுது.”

“அப்ப மாத்தலாம்.”

“மாத்தணும்னு சொல்ல மாட்டீங்களா?”

“மாத்தலாம்.”

ஓட்டுநர் பல்குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார். “சரி, காட்டுங்க. வற்புறுத்தினா வாங்கியிருக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கறது என்னமோ பண்ணுது” என்றார். பைக்குள் போன கை பாதியில் நிற்காததை அக்கா கவனித்தார்.

அடுத்த பதிவு விலை கூடிய பொருளைப் பற்றியது. ஓரம் வரை முழுதாகப் பசை ஒட்டும் கண்ணாடி கடையில் நிறைய இருந்தது. அக்கா எழுதினார்: “இந்தக் கண்ணாடி விளிம்பு வளைந்த திரைகளுக்காகச் செய்யப்பட்டது. உங்கள் திரை தட்டையானது என்றால், பாதி விலையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடியே போதும். கூடுதல் பயன் இல்லை. வளைந்தது என்றால் சாதாரணம் ஓரத்தில் ஒட்டாமல் தூக்கிக்கொள்ளும். அப்போது இதை வாங்குவது சரியாக இருக்கும்.”

“பாதி விலையில கிடைக்கும்னு நீங்களே ஏன் அண்ணி எழுதுறீங்க?” என்று கொழுந்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வளைந்த திரைக்காரர்கள் ஒன்பது பேர் வந்து விலை கூடியதையே கேட்டு வாங்கினார்கள். தட்டைத் திரைக்காரர்கள் பதினான்கு பேர் சாதாரணக் கண்ணாடி ஒட்டிக்கொண்டார்கள். கொழுந்தனார் தலையிலிருந்து கையை எடுத்தார். தூங்கிய சரக்கு புரண்டு படுத்தது என்று சொல்லலாம். எழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மாதத்தின் மூன்றாம் வாரத்தில் கேபிள் பதிவு வந்தது.

கேபிள்தான் பெரிய மூட்டை. கண்ணாடிப்பெட்டிக்காரர் கொடுத்த பெட்டியில் இருநூறு இருந்தன. கொழுந்தனார் காலையிலேயே வந்து, “இன்னிக்குச் சார்ஜ் ஆளுங்களுக்குப் போட்டுடுங்க அண்ணி, நாள் கிடையாது” என்றார். அக்கா வழக்கப்படி, பொருளைச் சோதித்து வாங்க உள்ளே போனார். உள்ளே பழுதுபார்ப்பவர் கண்ணில் உருப்பெருக்கி மாட்டிக்கொண்டே வாழ்பவர். எல்லாரும் அவரை லென்ஸ் என்றே கூப்பிடுவார்கள். அவர் ஒரு கைப்பேசியின் மதர்போர்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். சூட்டுக்காற்றுக் கருவி ஓடும்போது அவரிடம் பேசக் கூடாது. அக்கா பத்து நிமிடம் நின்றார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, பதிவை எழுதினார்.

“சார்ஜ் ஏறாமல் எங்களிடம் வரும் கைப்பேசிகளில் பாதிக்கு மேல், துளையில் பஞ்சும் தூசியும் அடைத்திருப்பதே காரணம், அதைச் சுத்தம் செய்தால் போதும். மற்றவற்றில் பல, முனை தளர்ந்த கேபிளை ஆட்டி ஆட்டிச் செருகியதால் கெட்டவை. உங்கள் கேபிள் தளராமல் பொருந்தினால் மாற்ற வேண்டாம். ஐயமிருந்தால் எடுத்து வாருங்கள். மீட்டரில் வைத்துச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.”

இவ்வளவும் அவர் கண்ணால் கண்டது. இதன் கீழே ஒரு வரி சேர்த்தார்: “எங்களிடம் உள்ள புதிய கேபிள் இரண்டரை ஆம்பியர் மின்னோட்டம் தரும்.” அந்த ஒரு வரியை மட்டும் பெட்டியின்மேல் அச்சிட்டிருந்ததிலிருந்து எடுத்தார்.

பதிவு எண்பத்து நான்கு பேருக்குப் போனது. அன்று மாலையே கேபிள்கள் வரத் தொடங்கின. மக்கள் தங்கள் வீட்டு இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொண்டு வந்தார்கள். முடிச்சு விழுந்தவை, பூனை கடித்தவை, எந்தக் கைப்பேசிக்கென்றே நினைவில்லாதவை. ஒருவர் பழைய வானொலியின் கம்பியையும் கொண்டு வந்து, “வந்தது வந்தாச்சு, இதையும் பாத்துடுங்க” என்றார். சோதனை எளிது. விரல் நீளமுள்ள மீட்டரைச் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருக வேண்டும். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அது காட்டும். மின்கலம் நிறைய நிறைய ஓட்டம் குறையும் என்பதால், முப்பது விழுக்காட்டுக்கு அருகில் வைத்த ஒரே கைப்பேசியையும் ஒரே சார்ஜரையும் கொண்டுதான் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். லென்ஸ் அதற்கென்று இரண்டு பழைய கைப்பேசிகளைத் தயார் செய்து கொடுத்தார். நான்கு நாளில் பத்தொன்பது பேர் புதிய கேபிள் வாங்கினார்கள்.

“சோதிக்க வந்தவன் எத்தனை பேரு?” என்று கொழுந்தனார் கேட்டார்.

“அறுபத்தி மூணு.”

“நாம என்ன அண்ணி, ரத்தப் பரிசோதனை நிலையமா நடத்துறோம்?”

ஐந்தாம் நாள் தையற்கடைக்கார அம்மாள் வந்தார். தெருமுனையில் இரண்டு இயந்திரம் போட்டு நடத்துபவர். கழுத்தில் அளவு நாடா தொங்கும். ஒட்டுத் துணியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். அவருடைய கேபிள் நான்கு ஆண்டுப் பழசு, கழுத்தில் நூல் சுற்றியிருந்தது. மீட்டர் ஒன்று புள்ளி ஏழு காட்டியது.

“நல்லா இருக்கு. மாத்த வேணாம்” என்றார் அக்கா.

“கழுத்து நைஞ்சு போச்சும்மா, நூல் எத்தன நாளைக்குத் தாங்கும்? புதுசே குடு. ஆனா அதையும் இதுல செருகிக் காட்டு. துணிய மட்டும் பாத்து வாங்கி, நூலப் பாக்காம விடுறதா?”

அக்கா பெட்டியிலிருந்து ஒரு கேபிளைப் பிரித்துச் செருகினார். அதே சார்ஜர். அதே கைப்பேசி. மீட்டர் பூச்சியம் புள்ளி எட்டு காட்டியது.

கழற்றிச் செருகினார். மறுபடியும் அதே எட்டு.

“எது ஜாஸ்தியா இருக்கணும்?” என்று அம்மாள் கேட்டார்.

“புதுசு.”

“அப்ப?”

“புதுசுதான் கம்மி.”

அம்மாள் நூல் சுற்றிய தம் கேபிளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அக்கா இன்னொன்றைப் பிரித்தார். பிறகு மற்றொன்றை. உள்ளிருந்து லென்ஸ் வந்து நின்றார். உருப்பெருக்கியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். பத்துக் கேபிள்கள் பிரிந்தன. ஏழு, ஒன்றுக்குக் கீழே காட்டின. லென்ஸ் ஒன்றை வெட்டிப் பார்த்தார். உறை தடிமனாக இருந்தது. உள்ளே செப்பிழைகள் தலைமயிர் போல இருந்தன.

“உறைய வித்திருக்கான். உள்ள ஒண்ணும் இல்ல” என்றார்.

“கெடுதல் பண்ணுமா?”

“பண்ணாது. ரெண்டு மணி நேரத்துல ஏறுறது அஞ்சு மணி நேரம் ஏறும். ஆள் என்ன நினைப்பான்? போன்ல கோளாறுன்னு நினைச்சு நம்மகிட்டயே ரிப்பேருக்கு வருவான்.”

தையற்கடைக்கார அம்மாள் போன பிறகு அக்கா இழுப்பறையைத் திறந்து பத்தொன்பது ரசீதுப் படிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். பத்து நிமிடம் நின்றது நினைவுக்கு வந்தது. இன்னும் பத்து நிமிடம் நின்றிருந்தால் சூட்டுக்காற்று ஓய்ந்திருக்கும். நெஞ்சில் ஏதாவது குத்துகிறதா என்று பார்த்தார். குத்தவில்லை. ஆனால் விரல்கள் சீட்டுகளின் ஓரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாகச் சரிசெய்துகொண்டே இருந்தன. அவை சரியாக இருந்த பிறகும் சரிசெய்தன.

கொழுந்தனார் பகல் உணவு முடித்து வந்ததும் அக்கா விவரத்தைச் சொன்னார்.

“மிச்சத்தப் பெட்டிக்காரர்ட்ட திருப்பிக் குடுத்துடலாம். வித்தது வித்தாச்சு” என்றார் அவர்.

“வாங்கினவங்களுக்கும் எழுதணும், தம்பி.”

“என்னன்னு?”

“பாக்காம சொல்லிட்டோம்னு.”

“அண்ணி, ஒருத்தனாவது வந்து புகார் சொன்னானா? இல்லல்ல? நீங்களா போய்ச் சொறிஞ்சு புண்ணாக்கணுமா? இந்தத் தெருவுல எவன் மீட்டர் வச்சு விக்கிறான்?”

“அவங்க பெட்டியப் பாத்து வாங்கல. நான் சொன்னேன்னு வாங்கினாங்க.”

“சரி, எழுதுறீங்க. அது பெட்டிக்காரர் கண்ணுல படாதா? அவரும் நம்மகிட்ட சார்ஜ் சரிபண்ணிக்கிட்டவரு, அந்த லிஸ்ட்டுல இருக்காரு. நாளன்னிக்கு அளவெடுக்க வர்றாரு. சரக்கு நகரலன்னா அவருதான் நமக்குக் கதி. அவரையும் பகைச்சுக்கிட்டா? உங்க நாற்காலியும் போயி, என் வாடகையும் போயி...”

“நாற்காலி எப்படியும் போகுது.”

அவர் இதைச் சொன்ன குரலில் கோபமோ வருத்தமோ இல்லாததுதான் கொழுந்தனாரைப் பேசவிடாமல் செய்தது. “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தேவையில்லாமல் திருப்புளிகளை அடுக்கினார்.

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, முன்பு கேபிள் பதிவு பெற்ற அதே எண்பத்து நான்கு பேருக்கும் இந்தப் பதிவு போனது:

“வணக்கம். புதிய கேபிள் இரண்டரை ஆம்பியர் தரும் என்று எழுதியிருந்தோம். பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து எழுதினோம், சோதிக்கவில்லை. இன்று பத்தைச் சோதித்தோம். ஏழு, ஒன்றுக்கும் குறைவாகத் தருகின்றன. இவற்றால் கைப்பேசிக்குக் கெடுதல் இல்லை. சார்ஜ் ஏற அதிக நேரம் ஆகும். வாங்கிய பத்தொன்பது பேரும் கொண்டு வந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறோம். வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை.”

அனுப்பிவிட்டு, அடுத்து வந்தவருக்கு ரசீது எழுதினார். ஒலிபெருக்கிக் கோளாறு.

மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் காலை ஐந்து பேர். மீதி எட்டுப் பேர் வரவில்லை. அக்கா அவர்களைத் தனித்தனியாக அழைத்தார். ஒருவர், “தூங்குறப்போ போடுறேன், அஞ்சு மணி நேரம் ஆனா எனக்கென்ன?” என்றார். சார்ஜ் பட்டியலிலும் இருந்த பள்ளி வேன் ஓட்டுநர் தம் கேபிளைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்து, “வண்டியில போட்டா சார்ஜ் ஏறல, நானும் வண்டியில ஏதோ கோளாறுன்னு நினைச்சு மெக்கானிக்கத் திட்டிட்டேன் அக்கா. இப்ப அவன்கிட்ட யாரு மன்னிப்புக் கேக்குறது?” என்று கேட்டார். வந்த பதினொருவரில் நால்வர் போகும்போது, “வேற நல்ல கேபிள் இருந்தா மீட்டர்ல வச்சுக் காட்டுங்க” என்றார்கள். காட்ட வேறு கேபிள் இல்லை. வந்தால் சொல்வதாக அக்கா அவர்கள் ரசீதில் குறித்துக்கொண்டார்.

கண்ணாடிப்பெட்டிக்காரர் சொன்ன நாளில், பதினொரு மணிக்கு வந்தார். தடித்த மனிதர், வாசனைத் திரவியம் அவருக்கு முன்னால் உள்ளே வரும். கையில் உருளை அளவு நாடா இருந்தது. முதலில் மேசையின் நீளத்தை அளந்தார். பிறகு நாற்காலி நிற்கும் இடத்தை. அக்கா எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். அளந்தவர் சடக்கென்று நாடாவை உள்ளே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“மெசேஜ் படிச்சேன்மா. என் பேரு போடல, சந்தோஷம்.”

“நீங்க எழுதல. நான்தான் எழுதினேன்.”

“அச்சடிச்சது நானும் இல்ல. எனக்கும் ஒருத்தன் தர்றான். நான் பெட்டியப் பிரிச்சதே கிடையாது.”

“நானும் பிரிக்கல” என்றார் அக்கா.

அப்போது ஒரு கல்லூரி மாணவி வந்து சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டாள். பெட்டிக்காரர் முந்திக்கொண்டு தம் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். “புது மாடல்ம்மா. சும்மா பறக்கும்.”

மாணவி அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த மீட்டரைக் காட்டி, “இதுல வச்சுக் காட்டுங்களேன்” என்றாள்.

பெட்டிக்காரர் சிரித்தார். மீட்டரில் வைக்கவில்லை. இன்னும் அரைமணி நேரம் அங்கேயே நின்றார். அந்த நேரத்தில் இருவர் வந்தார்கள். ஒருவர் காரில் செருகும் சார்ஜரையும், மற்றவர் பவர் பேங்கையும் மீட்டரில் வைக்கச் சொன்னார்கள். இரண்டாமவர் கவர் போட்ட தம் கைப்பேசியையும், யாரும் கேட்காமலே, மேசைமேல் குப்புற வைத்துக் குனிந்து பார்த்தார்.

பெட்டிக்காரர் கொழுந்தனாரைத் தோளில் தட்டி வாசலுக்கு அழைத்துப் போனார். இருவரும் பேசியது உள்ளே கேட்டது.

“தம்பி, இடம் நல்ல இடம். ஆனா எனக்கு ஆகாது.”

“ஏண்ணே? அண்ணி வீட்டுக்குப் போயிடுவாங்கண்ணே, நீங்கதான் ஆள் போடப் போறீங்க.”

“அவங்க போவாங்க. அவங்க ஏத்தி விட்ட பழக்கம் போவுமா? வர்றவன் எல்லாம் மீட்டரக் கேக்குறான். ஊரெல்லாம் நாப்பது பெட்டி வச்சிருக்கேன், இந்த வார்த்தைய எவனும் கேட்டதில்ல. இங்க உக்காந்து நான் ஒரு ஊக்குகூட விக்க முடியாது.” குரலைத் தாழ்த்தினார்; தாழ்த்தியும் கேட்டது. “மிச்சக் கேபிளக் குடு, எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. அடுத்த தடவை சரக்கு தர்றப்போ அந்தம்மாகிட்டதான் காட்டுவேன். அவங்க செருகிப் பாத்து வேணுங்கறத எடுத்துக்கட்டும். வேணாங்கறத வேற தெருவுல வித்துக்கறேன்.”

கொழுந்தனார் உள்ளே வந்தபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“கேட்டுச்சா அண்ணி?”

“கேட்டுது.”

“உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?”

அக்கா யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார். “நாலு பேரு கேபிள் கேட்டு வச்சிருக்காங்க. அவர் போறதுக்குள்ள நல்லதா நாலு இருக்கான்னு கேளுங்க. லென்ஸ்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. இந்தத் தடவை பாக்காம எழுத மாட்டேன்.”

கொழுந்தனார் தெருவுக்கு ஓடினார். வாசனை மட்டும் இருந்தது, வண்டி போய்விட்டது.

திரும்பி வந்து மாதக் கடைசியைப் பற்றி அவர் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, கிழிந்த உறையைப் பார்த்தார். “இத ஒரு நாள் தைக்கணும்” என்றார்.

“தையற்கடை அம்மாகிட்ட கேக்கறேன். வெளிச்சத்துல பாத்துத்தான் தைப்பாங்க” என்றார் அக்கா. கொழுந்தனார் அவரை உற்றுப் பார்த்தார். அண்ணி வேடிக்கையாகச் சொன்னாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகு கன்னத்தில் ஏதோ சற்று இழுத்தது போல இருந்ததால், விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகுதான் மேசையின் ஓரத்தில் பெட்டிக்காரர் மறந்துவிட்டுப் போன அளவு நாடாவைக் கண்டார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். தேதி இட்டார். பொருள்: அளவு நாடா. கோளாறு: இல்லை. ஒரு படியைக் கிழித்து, நாடாவோடு ரப்பர் வளையத்தில் கட்டி, இழுப்பறையில் வைத்தார்.